தாய்மாமன் மடியில் இருக்கும்போது கேமரா யார் கையில்?

"அண்ணா, தெரிந்த ஒருவரிடம் பழைய கேனான் 700டி வாங்கினேன். கூடவே 18-55 லென்ஸும் 50 எம்எம் லென்ஸும் கிடைத்தன. அடுத்த மாதம் அக்கா பையனுக்குக் காதுகுத்து. காலையில் குலதெய்வக் கோயிலில் மொட்டை, பிறகு பக்கத்திலேயே சின்ன மண்டபத்தில் காதுகுத்து, சாப்பாடு. போட்டோவும் மூன்று நிமிட வீடியோவும் நானே செய்து கொடுக்கலாம் என்று நினைக்கிறேன். வீட்டில் எடுத்துப் பார்த்தால் வீடியோவில் கோடு கோடாக ஓடுகிறது. லேப்டாப் ஐ3, 8 ஜிபி ரேம். ஃபைலைப் போட்டாலே திணறுகிறது. என்ன செய்யலாம்?"

தம்பி, வீடியோவில் ஓடும் கோட்டையும் லேப்டாப்பையும் சரிசெய்துவிடலாம். அதற்கு முன்னால் ஒன்று. அக்கா பையன் என்றால் நீங்கள் தாய்மாமன். காது குத்தும்போது குழந்தை உட்காரப்போவது உங்கள் மடியில். அன்றைக்கு எடுக்கிற படங்களிலேயே முக்கியமான படத்தை எடுக்க உங்களால் முடியாது. உங்களுக்கு அண்ணனோ தம்பியோ இருந்து அவர் மடியில் உட்காரவைப்பதாக இருந்தால் தப்பித்தீர்கள். இல்லையென்றால் மற்ற எல்லாவற்றையும் இதை வைத்துத்தான் திட்டமிட வேண்டும்.

என் தங்கை மகனுக்குக் காது குத்தியபோது எனக்கு இதே நிலைதான். கடைசி நிமிடத்தில் சித்தப்பா பையனிடம் கேமராவை நீட்டி, "பச்சைக் கட்டத்தில் வைத்திருக்கிறேன், அமுக்கினால் போதும்" என்று சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்தேன். பச்சைக் கட்டம் என்பது ஆட்டோ. மண்டபத்து வெளிச்சம் குறைவு, அதனால் கேமராவின் குட்டி ஃப்ளாஷ் தானாகவே எழுந்துகொண்டது. ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே ஃப்ளாஷ் சார்ஜ் ஏற இரண்டு மூன்று நொடி. ஃபோகஸ் ஆசாரியின் தோளில் போய் நின்றுவிட்டது. குழந்தை முகம் மங்கல், தோளில் கிடந்த துண்டு மட்டும் நூல் நூலாகத் தெளிவு. பையன் மேல் தப்பே இல்லை. எந்த செட்டிங்கையும் மாறாதபடி பூட்டிவைக்காமல் கேமராவைக் கொடுத்தேன், அதுதான் காரணம்.

அதனால் இன்றே ஒரு ஆளை முடிவு செய்யுங்கள். போட்டோகிராபி தெரிந்திருக்க வேண்டும் என்றில்லை. கை நடுங்காதவராக, குழந்தை வீறிட்டால் கேமராவைக் கீழே போட்டுவிட்டுக் கொஞ்ச ஓடாதவராக இருந்தால் சரி. அப்படிப் பார்த்தால் பாட்டி, அத்தையை விட மாமன் மகனோ கல்லூரியில் படிக்கும் தங்கையோ பொருத்தம். அவர் கையில் கேமராவைக் கொடுக்கும்போது மாற்ற வேண்டியது எதுவும் மீதி இருக்கக்கூடாது.

எப்படிப் பூட்டுவது என்று சொல்வதற்கு முன்னால் உங்கள் வீடியோக் கோட்டுக்கு வருகிறேன், இரண்டிலும் ஷட்டர் கணக்கு ஒன்றுதான். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ட்யூப்லைட்டும் பல எல்இடி பல்புகளும் நொடிக்கு 100 முறை ஏறி இறங்கி எரிகின்றன. கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். ஷட்டர் 1/50 நொடி திறந்திருந்தால் ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் சரியாக இரண்டு துடிப்பு வெளிச்சம் கிடைக்கும். 1/100 என்றால் சரியாக ஒன்று. 1/60 என்றால் ஒன்றேமுக்காலுக்குக் கொஞ்சம் குறைவு. அந்த மீதித் துண்டு ஃப்ரேமுக்கு ஃப்ரேம் வேறு வேறு இடத்தில் விழுவதைத்தான் நீங்கள் கோடு என்று பார்க்கிறீர்கள். பழைய கேமரா என்பதால் முன்பு வைத்திருந்தவர் அதை 30 ஃப்ரேம் முறையில் விட்டிருக்க வாய்ப்பு அதிகம். மெனுவில் Video system என்பதில் NTSC இருந்தால் PAL ஆக்குங்கள். Movie rec. size 1920x1080, 25 ஃப்ரேம். மேலே உள்ள டயலை M-இல் வைத்து, ஷட்டரை 1/50-இல் நிறுத்துங்கள், வெளிச்ச உணர்வைக் கூட்டிக் குறைக்கும் ஐஎஸ்ஓவை ஆட்டோவிலிருந்து எடுத்துவிடுங்கள். வீட்டு ட்யூப்லைட்டில் கோடு போய்விடும்.

மண்டபத்தில் மலிவான அலங்கார எல்இடி இருந்தால் அதன் துடிப்பு வேறு கணக்கில் இருக்கலாம், 1/50-இலும் கொஞ்சம் ஓடும். இதை விழா அன்று கண்டுபிடித்துப் பயனில்லை. முந்தின நாள் மாலை சாமான் இறக்கப் போவீர்கள் அல்லவா, அப்போது எல்லா விளக்கையும் போடச் சொல்லி, 1/50-இல் பத்து நொடி, 1/100-இல் பத்து நொடி எடுத்துப் பாருங்கள். இரண்டிலும் ஓடினால் அந்த விளக்கை மட்டும் அணைக்கச் சொல்வதுதான் வழி. மண்டபக்காரர்கள் பெரும்பாலும் மறுப்பதில்லை.

போட்டோவுக்கும் இதே கணக்கு பொருந்தும். ட்யூப்லைட்டில் 1/250 வைத்துத் தொடர்ச்சியாக எடுத்தால் ஒரு படம் பளிச்சென்றும் அடுத்தது மஞ்சளடித்தும் வரும். காது குத்தும் இடத்தில் 1/100 வைத்துவிடுங்கள். குழந்தை தலையை உதறும்போது சில படம் கலங்கும், ஆனால் மடியில் இறுக்கிப் பிடித்திருப்பதால் பெரும்பாலும் தாங்கும்.

இனி பூட்டுவது. 50 எம்எம் லென்ஸைப் போடுங்கள். உங்கள் கேமராவில் அந்த லென்ஸ் இரண்டரை மீட்டர் தூரத்தில் ஒரு மீட்டருக்குச் சற்றே கூடுதலான அகலத்தைக் காட்டும். மடி, குழந்தை, ஆசாரியின் கை மூன்றும் அடங்க அது போதும். டயல் M, ஷட்டர் 1/100, லென்ஸின் திறப்பான அப்பெர்ச்சர் f/2.8, ஐஎஸ்ஓ 1600-இல் தொடங்கி, ஒரு படம் எடுத்துப் பார்த்துக் கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள். லென்ஸ் f/1.8 வரை திறக்குமே என்று ஆசைப்படாதீர்கள். இரண்டு மீட்டரில் f/1.8 வைத்தால் தெளிவாக இருக்கும் ஆழம் அரைச் சாண்தான், f/2.8 என்றால் முக்கால் சாண். குழந்தை முகமும் காதும் ஆசாரியின் விரலும் அந்த முக்கால் சாணுக்குள் அடங்கும், அரைச் சாணில் அடங்காது. ஃபோகஸ் புள்ளிகளில் நடுப்புள்ளி ஒன்றை மட்டும் விட்டு மற்றவற்றை எடுத்துவிடுங்கள். தொடர் படம் எடுக்கும் முறையில் வைத்துவிடுங்கள். கையில் வாங்குகிறவருக்குச் சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: நடுப்புள்ளியைக் குழந்தையின் கண்ணில் வை, பாதி அமுக்கு, பீப் சத்தம் வந்ததும் முழுசாக அமுக்கிப் பிடி, விட்டுவிட்டு மறுபடி பாதி அமுக்கு.

படம் ஜேபெக்கில் மட்டும் போகட்டும். கேமரா எதையும் திருத்தாமல் வைக்கும் ரா ஃபைலாக எடுத்தால் பிறகு திருத்தலாம் என்று எல்லோரும் சொல்வார்கள், உண்மைதான். ஆனால் இந்தக் கேமரா ராவில் தொடர்ந்து அமுக்கினால் ஆறேழு படத்தில் திணறி நின்றுவிடும். நொடிக்கு ஐந்து படம் எடுக்கும் கேமரா என்பதால் ஒன்றரை நொடியில் எல்லாம் முடிந்துவிடும்; ஆசாரி அப்போதுதான் ஊசியை எடுத்திருப்பார். ஜேபெக்கில் 20 படத்துக்கு மேல் நிற்காமல் போகும். ஒரு ரா 23 எம்பிக்கு மேல், ஜேபெக் ஆறரை எம்பி சுமார். உங்கள் லேப்டாப்புக்கும் இதுதான் நல்லது.

ஜேபெக் என்பதால் நிறத்தை அங்கேயே சரியாகப் பிடிக்க வேண்டும். ஆட்டோ ஒயிட் பேலன்ஸில் சிவப்புப் பட்டுப்பாவாடை யாராவது குறுக்கே போனாலே அடுத்த படம் நீலமடிக்கும். முந்தின நாள் போகும்போது ஒரு வெள்ளை வேட்டி எடுத்துப் போங்கள். காது குத்தும் இடத்தில் அதே விளக்குகளின் கீழ் பிடித்து, நடுவில் வேட்டி நிறையும்படி ஒரு படம் எடுத்து, மெனுவில் Custom White Balance போய் அந்தப் படத்தைத் தேர்ந்தெடுங்கள். பிறகு ஒயிட் பேலன்ஸையும் கஸ்டமுக்கு மாற்ற மறக்காதீர்கள், பலர் இங்கேதான் விடுகிறார்கள். வேட்டி நீலம் போட்டு வெளுத்ததாக இருக்கக்கூடாது. அந்த நீலச்சாயலைக் கேமரா ஈடுகட்டப் பார்த்து முகமெல்லாம் மஞ்சளாகிவிடும்.

எங்கே நிற்பது? ஆண் குழந்தைக்கு வலது காதில் தொடங்குவது பல வீடுகளில் வழக்கம். இருந்தாலும் ஆசாரியிடமே, எந்தக் காது முதலில், எந்தப் பக்கம் உட்காருவீர்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். குத்தும்போது அவர் முன்னால் குனிவார், அவருடைய முதுகும் கையும் ஒரு பக்கத்தை முழுசாக மறைத்துவிடும். கேமரா குழந்தைக்கு நேர் எதிரே, ஆசாரி இல்லாத பக்கமாக ஓர் அடி தள்ளி, குழந்தையின் கண் உயரத்தில் இருக்க வேண்டும். நீங்கள் தரையில் பாயில் உட்காருவீர்கள் என்றால் எடுக்கிறவரும் தரையில்தான். நின்றுகொண்டு எடுத்தால் மொட்டைத் தலையின் உச்சிதான் கிடைக்கும்.

குழந்தை முதல் காதுக்கு என்ன நடக்கிறது என்று தெரியாமல் விழித்துக்கொண்டிருக்கும். ஆசாரி சந்தனப் பொட்டு வைத்துக் குறிப்பார், எல்லோரும் "அங்க பாரு, காக்கா பாரு" என்பார்கள், ஒரு நொடி, அவ்வளவுதான். அழுகை உடனே வராது. வாய் திறந்து, மூச்சு உள்ளே போய், அப்புறம்தான் சத்தம் வரும். அந்த இடைவெளி முகம்தான் நீங்கள் பெரிதாகப் பிரிண்ட் போடப்போகும் படம். பொட்டு வைத்ததுமே அமுக்கத் தொடங்கச் சொல்லுங்கள். இரண்டாவது காதுக்கு குழந்தைக்கு விஷயம் தெரிந்துவிடும், கையைக் காலை உதறும், நாலு பேர் பிடிப்பார்கள், பாதிப் படத்தில் கைகள்தான் இருக்கும். அப்போது கேமராவை உங்கள் அக்கா பக்கம் திருப்பச் சொல்லுங்கள். பெரும்பாலும் அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு முந்தானையால் வாயை மூடியிருப்பார். ஆல்பத்தில் மொட்டைப் படத்துக்கு எதிர்ப்பக்கம் அதுதான் இருக்க வேண்டும்.

அந்தப் பத்து நிமிடத்துக்கு வீடியோவை கேமராவில் எடுக்க வேண்டாம். வீடியோ ஓடும்போது போட்டோ எடுத்தால் இந்தக் கேமராவில் வீடியோ ஒரு நொடி உறைந்து நிற்கும். வீடியோவில் இதன் ஆட்டோஃபோகஸும் மெதுவானது, தேடித் தேடி வரும். அந்த வேலையை போனுக்குக் கொடுங்கள். சின்ன ட்ரைபாடில் போனைப் படுக்கைவாக்கில் வைத்து, 1080-இல், ஆசாரி வந்து உட்காருவதற்கு முன்பே ரெக்கார்டு போட்டுவிட வேண்டும். 4கே வேண்டாம். செட்டிங்கில் ஹை எஃபிஷியன்சி என்றோ ஹெச்இவிசி என்றோ இருந்தால் அணைத்துவிடுங்கள், அந்த வகை ஃபைல்தான் பழைய ஐ3-ஐ மூச்சுமுட்ட வைக்கும். ஏரோபிளேன் மோடில் போடுங்கள். மண்டபத்துக்கு வழி கேட்டு யாராவது கூப்பிட்டால் ரெக்கார்டிங் நின்றுவிடும்.

சத்தத்துக்கு என்னிடம் ஒரு வழி இருக்கிறது, அதற்கு உங்கள் மடியே வசதி. இன்னொரு போனில் வாய்ஸ் ரெக்கார்டரை ஓடவிட்டு, அதையும் ஏரோபிளேன் மோடில் போட்டு, உங்கள் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். குழந்தையின் மூச்சு, ஆசாரி "மாமா கெட்டியாப் புடிச்சுக்கங்க" என்பது, நீங்கள் காதோரம் சொல்வது எல்லாம் அதில்தான் விழும். இரண்டரை மீட்டர் தள்ளி இருக்கும் போனில் மேளச் சத்தமும் சொந்தக்காரர்கள் பேச்சும்தான் இருக்கும். உட்கார்ந்ததும் ட்ரைபாடு போனைப் பார்த்து ஒரு தடவை கை தட்டுங்கள். எடிட்டில் இரண்டு ஃபைலிலும் அந்தத் தட்டல் ஊசிபோல் நீட்டிக்கொண்டு தெரியும், அதை நேருக்கு நேர் வைத்தால் சத்தமும் படமும் சேர்ந்துவிடும்.

மற்ற நேரம் கேமராவில் வீடியோ எடுப்பது உங்கள் வேலை. ஒவ்வொன்றும் எட்டுப் பத்து நொடிக்கு மேல் வேண்டாம். மொட்டை அடித்ததும் தலையில் சந்தனம் பூசும் கை, தாம்பாளத்தில் வரிசையாக வரும் சீர், தோடு வைத்திருக்கும் சின்ன டப்பாவை அப்பத்தா திறந்து பார்ப்பது. 18-55 லென்ஸில், திரையில் பெரிதாக்கிப் பார்த்துக் கையால் ஃபோகஸ் செய்து, பிறகு ரெக்கார்டு அமுக்கி, ஆடாமல் நில்லுங்கள். வெயிலில் இருக்கும்போது 1/50-க்குக் கட்டுப்பட வேண்டாம், அங்கே ட்யூப்லைட் இல்லை. சந்தனம் பூசின மொட்டைத் தலை மட்டும் வெயிலில் வெளுத்துப்போகும், கொஞ்சம் இருட்டாகவே எடுங்கள். Sound recording-ஐ Manual-க்கு மாற்றி, மேளம் உச்சத்தில் அடிக்கும்போது அளவு -12 டெசிபல் பக்கம் தொடும்படி வையுங்கள். ஆட்டோவில் விட்டால் மேளம் உடைந்த தகரம் மாதிரி பதிவாகும்.

மேளக்காரர்களுக்குப் பத்தடி தள்ளி ஒரு போனை வைத்து, நடுவில் நிறுத்தாமல் மூன்று நிமிடம் சத்தத்தை மட்டும் பதிந்துகொள்ளுங்கள். வீடியோ முழுவதற்கும் பின்னணி அதுதான். சினிமாப் பாட்டு போட்டால் யூடியூபில் ஏற்றும்போது உரிமைத் தகராறு வரும். அதைவிட, அந்தக் கோயிலில் அன்று வாசித்த நாயனம் உங்கள் வீட்டுக்கே சொந்தம்.

இப்படி எடுத்தால் லேப்டாப் பிரச்சினை பாதி தீர்ந்துவிடும். கணக்குப் பாருங்கள். கேமராவில் 1080 வீடியோ நிமிடத்துக்கு 330 எம்பி சுமார். பத்து நொடித் துண்டுகள் 40 என்றால் ஏழு நிமிடம்கூட இல்லை, இரண்டேகால் ஜிபி. 400 ஜேபெக் இரண்டரை ஜிபி. போனில் 20 நிமிடம் இன்னொரு இரண்டரை ஜிபி. எல்லாம் சேர்ந்து ஏழெட்டு ஜிபிதான். மூன்று மணி நேரத்தையும் கேமராவில் ஓடவிட்டிருந்தால் 60 ஜிபியை நெருங்கும். அதைப் பார்த்து முடிக்கவே ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்விடும்.

எடிட்டுக்கு ஷாட்கட் போதும், இலவசம். டாவின்சி நல்ல மென்பொருள், ஆனால் உங்கள் மெஷினில் ஓட்டுவது கஷ்டம். ஷாட்கட்டில் Settings-இல் Video Mode-ஐ HD 1080p 25 fps ஆக்குங்கள். அதே மெனுவில் Proxy-க்குப் போய் Use Proxy, அப்புறம் Preview Scaling-இல் 360p. இதற்குப் பிறகு அது ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒரு சின்ன நகல் செய்து, அதை வைத்து உங்களை வேலை செய்யவிடும். கடைசியில் ஏற்றுமதி செய்யும்போது அசல் ஃபைலையே எடுத்துக்கொள்ளும். நகல்கள் தயாராகும்வரை பொறுத்திருங்கள், அந்த நேரத்தில் வெட்ட ஆரம்பித்தால் மறுபடி திணறும்.

போன் ஃபைலைப் போட்டதும் ஃப்ரேம் வேகம் மாறி மாறி இருக்கிறது, எடிட்டுக்கு ஏற்றதாக மாற்றட்டுமா என்று கேட்கும். சரி என்று சொல்லுங்கள். போன்கள் வெளிச்சத்துக்குத் தகுந்தபடி 30, 29, 24 என்று இஷ்டத்துக்குப் பதிகின்றன. மாற்றாமல் விட்டால் தொடக்கத்தில் சேர்ந்திருந்த சத்தம் ஐந்தாவது நிமிடத்தில் உதட்டை விட்டு விலகிப்போகும். தட்டலை வைத்துச் சேர்த்த பிறகும் அப்படி விலகினால் காரணம் இதுதான்.

மூன்று நிமிடத்தை நான் இப்படிப் பிரிப்பேன். கோயில் 15 நொடி, மொட்டை 35, சீர் வரிசை 30, காது குத்துவது ஒரு நிமிடம், மீதி முகங்களும் சாப்பாடும். காது குத்தும் ஒரு நிமிடத்தை வெட்டாதீர்கள். பொட்டு வைப்பதிலிருந்து நீங்கள் குழந்தையைத் தோளில் போட்டுக்கொள்வதுவரை ஒரே ஷாட்டாக ஓடட்டும். அந்த இடத்தில் மேளத்தைக் குறைத்துவிட்டு உங்கள் சட்டைப் பைச் சத்தத்தை ஏற்றுங்கள். முடிந்ததும் மேளம் திரும்ப ஏறட்டும்.

விழாவுக்கு முன் கேமராவில் பார்க்க வேண்டியவையும் உண்டு. பழைய கேமராவுக்குள் கடிகாரத்தைக் காக்கும் சின்ன பேட்டரி செத்துப்போயிருந்தால், பெரிய பேட்டரியைக் கழற்றி மாட்டும்போதெல்லாம் தேதி மாறிவிடும். அன்று காலை போனின் நேரத்தோடு ஒத்து வையுங்கள், இல்லையென்றால் ஃபைல்களை நேரவரிசையில் அடுக்க முடியாது. லென்ஸைக் கழற்றி, பின்னாலிருந்து போன் டார்ச் அடித்துப் பாருங்கள். சிலந்தி நூல் மாதிரி வெள்ளையாகத் தெரிந்தால் பூஞ்சை. ஓரத்தில் கொஞ்சம் இருந்தால் படம் கெடாது, விளக்குக்கு எதிராக எடுக்கும்போது மட்டும் வெளுக்கும். பழைய பேட்டரி காலை மொட்டையோடு முடிந்துபோகலாம், இன்னொன்று வாங்கிவிடுங்கள். கார்டும் இரண்டு இருக்கட்டும், மண்டபத்துக்கு வந்ததும் மாற்றிவிட்டால் ஒன்று கெட்டாலும் மற்ற பாதி பிழைக்கும்.

வீடு திரும்பியதும் லேப்டாப்பில் ஒரு நகல், வெளி ஹார்டு டிஸ்க்கில் ஒரு நகல். இரண்டையும் திறந்து நடுவில் நாலைந்து ஃபைல் ஓட்டிப் பார்க்கும்வரை கார்டை ஃபார்மட் செய்யாதீர்கள். முடித்த வீடியோவை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் அது நசுக்கிவிடும், டாக்குமென்ட்டாக அனுப்புங்கள். அக்காவுக்கு மட்டும் பென்டிரைவில், சட்டைப் பையில் பதிந்த சத்தத்தையும் வெட்டாமல் முழுசாகச் சேர்த்துக் கொடுங்கள்.